வரன் பதிவுப் படிவத்தில் இன்னும் சில வரிகள் வேண்டும்

நெல்லைச் சீமையில் வரன் தகவல் மையம் நடத்தும் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மையங்களில் ஒன்றில் பதிவு செய்து, போன தை மாதம் கல்யாணம் முடிந்து, பாளையங்கோட்டையிலிருந்து வீரவநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மருமகளாகப் போனவள் நான். எந்த மையம் என்று எழுதவில்லை. சொல்ல வருவது எல்லா மையத்துக்கும் பொருந்தும் என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்துக் கொடுத்த இடத்தில் பெரிய குறை கிடையாது. மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை. சேரன்மகாதேவியில் உரக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் யாரும் கை ஓங்குவதில்லை, நகையைக் கேட்டதில்லை. அப்படியும் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஆள் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. "நல்ல இடத்துல வாக்கப்பட்டுட்டு இவளுக்கு என்ன குறை" என்று கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், இதை யாரிடமும் சொல்லவும் முடிவதில்லை. ஆனால் இது என் மனசின் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் யாரும் யாரிடமும் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் இப்போது ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. அவற்றைக் கேட்டிருக்க வேண்டிய இடம் உங்கள் படிவம்.

படிவம் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், ராசி, லக்னம், குலதெய்வம், உயரம், நிறம், படிப்பு, வேலை, மாத வருமானம், உடன்பிறந்தவர்கள், சொந்த வீடா வாடகையா, எதிர்பார்ப்பு. என் படிவத்தில் வேலை என்ற இடத்தில் "தனியார்" என்று ஒரே வார்த்தை இருந்தது. அப்பா எழுதியது. மாப்பிள்ளை படிவத்தில் எதிர்பார்ப்பு என்ற இடத்தில் "படித்த, குடும்பப்பாங்கான பெண்" என்று இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று என் சித்தப்பா மட்டும் நேராகக் கேட்டார், "பிள்ளை வேலைக்குப் போவாளே, அது எப்படி?" மாப்பிள்ளையின் அப்பா சொன்னார், "அதுக்கென்ன, பாத்துக்கிடலாம்." சரி என்று எல்லாரும் காபி குடித்தார்கள். மண்டபம், பந்தி, சீர் எல்லாவற்றுக்கும் தாளில் கணக்குப் போட்டோம். என் வேலைக்கு மட்டும் வாய்வார்த்தை போதும் என்று விட்டுவிட்டோம்.

அந்த "தனியார்" என்ன வேலை என்று இப்போது சொல்கிறேன். எம்.காம். முடித்த பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரக்கடை, அரிசி ஆலை, ஜவுளிக்கடை, இரண்டு மருந்து மொத்த வியாபாரிகள் என்று சில கடைகளின் கணக்கு முழுசாக என் பொறுப்பில் இருந்தது. இந்த வேலைக்கு ஒரு மாதச் சுற்று உண்டு. முதல் வாரத்தில் கடைகளிலிருந்து விற்பனை பில்களை வாங்கிப் பதிவோம். 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம், போயாக வேண்டும். 14ஆம் தேதி, நம் கடைக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலை அரசுத் தளமே உருவாக்கித் தரும். அதையும் கடைக்காரர் கையில் இருக்கும் கொள்முதல் பில்களையும் வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு பில் அந்தப் பட்டியலில் வராவிட்டால் அதற்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது, கடைக்காரருக்குக் கைநஷ்டம். உடனே விற்றவருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, நீங்க இந்த பில்லை ஏத்தலையே" என்று சண்டை பிடிக்க வேண்டும். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது அந்த மாதத்து வரிக் கணக்கு, தாக்கல் செய்து வரி கட்டியாக வேண்டும். தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையில் எல்லா நாளும் ஒரே மாதிரி கிடையாது. மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதி வரை ஓரளவு மூச்சு விடலாம். 21க்குப் பிறகு லீவு கேட்டால் சிரித்துக்கொண்டே தருவார்கள். 14 முதல் 20 வரை மட்டும் உயிர் போனாலும் நாற்காலியில் இருக்க வேண்டும். இந்த ஒரு விவரத்தை எங்கள் இரண்டு வீடுகளுக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது. மறுவீடு, கோயில் நேர்த்தி, பெரியம்மா வீட்டு விருந்து எல்லாவற்றையும் மாதத்தின் கடைசியில் வைத்திருக்கலாம். பஞ்சாங்கத்தில் அஷ்டமி நவமி பார்க்கிற நமக்கு இதைப் பார்ப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை.

நடந்தது வேறு. கல்யாணத்துக்கு லீவு போட்டுத் திரும்பியதும் முதல் மாதம் வீரவநல்லூரிலிருந்து ரயிலில் போய் வந்தேன். திருநெல்வேலிக்குச் சுமார் 30 கிலோமீட்டர்தான். தென்காசிப் பாதையில் சேரன்மகாதேவி, பேட்டை, டவுன் ஸ்டேஷன், அப்புறம் ஜங்ஷன். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை கிராமத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் உள்ள கொஞ்ச தூரம். காலையில் அந்த வழியாக வரும் டவுன் பஸ் ரயிலுக்குப் பொருந்தி வராது. 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, நல்ல விஷயம்தான், ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும். என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. என் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. அது பாளையங்கோட்டையில் நிற்கிறது. கொண்டுவரலாமா என்று கேட்டபோது, "புதுப்பொண்ணு வந்ததும் வராததுமா வண்டியில போனா தெருவுல என்ன சொல்லுவாங்க, ஒரு வருஷம் போகட்டும்" என்றார்கள். இப்போது தம்பி அதில் கல்லூரிக்குப் போகிறான். ஆக, கணவர் கொண்டுவிட்டால் வேலை, அவருக்குக் கடையில் லோடு இறங்குகிறது என்றால் லீவு. ஆடிட்டர் நல்ல மனிதர். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ வீட்டிலிருந்தே பாரேன்" என்றார்.

வீட்டிலிருந்து வேலை என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். மடிக்கணினியைப் பட்டாசாலில் ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டேன். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் மருமகள் வேலையில் இருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. பால்காரர் வந்தால் நான், தபால் வந்தால் நான், மாமாவுக்கு மாத்திரை நான். திட்டிச் சொல்வதில்லை, அன்பாகத்தான் சொல்வார்கள். "ஏட்டி, சும்மாதான உக்காந்திருக்க, இந்தக் கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே அதைப் பாரேன்."

ஒரு 20ஆம் தேதி சாயங்காலத்தை மட்டும் சொல்கிறேன். மருந்துக் கடை ஒன்றுக்கு 3பி தாக்கல் செய்ய வேண்டும். வரியைக் கட்டியாயிற்று. கடைசிப் படி, முதலாளியின் கைப்பேசிக்கு ஓடிபி போகும், அதை அவர் எனக்குப் போனில் சொல்ல வேண்டும், பத்து நிமிஷத்துக்குள் நான் அதைப் போட வேண்டும். கடைசி நாள் என்பதால் தளம் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை ஓடிபி காலாவதியாகிவிட்டது. மூன்றாவது தடவை அவர் எண்களைச் சொல்லத் தொடங்குகிறார், அப்போது அம்பையிலிருந்து அத்தையின் அக்கா குடும்பம் உள்ளே வருகிறது. புதுப்பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நான் ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வாங்க என்று கும்பிடுகிறேன். பெரியத்தை என்னைப் பார்த்தபடியே அத்தையிடம் கேட்கிறார், "யாருட்ட பேசிக்கிட்டிருக்கா? ஆம்பளைக் குரலு மாதிரில்லா கேக்கு." நான் போனை வைத்துவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டேன். அந்த மருந்துக் கடைக்கு அன்று தாக்கல் ஆகவில்லை. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய்தான், அதை நானே கட்டியிருப்பேன். ஆனால் முதலாளி ஆடிட்டரிடம், "அந்தப் பிள்ளை கல்யாணம் ஆனதும் மாறிட்டா, வேற ஆள் போடுங்க" என்று சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு கை மாறியது. அதற்குப் பிறகு இன்னொன்று. இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் சின்னக் கடைகள் இரண்டு. முன்பு மாதம் 22,000 ரூபாய் வாங்கினேன். இப்போது கைப்பேசிக்கு ரீசார்ஜ் பண்ண, மேஜைமேல் கணவர் வைத்துவிட்டுப் போகும் பணத்தை எடுக்கிறேன். அவர் கணக்குக் கேட்பதே இல்லை. கேட்காமலேயே நான் கணக்குச் சொல்கிறேன், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் அத்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மாமா சர்க்கரை நோயாளி, காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். மருமகள் வந்தால் அடுக்களையில் கொஞ்சம் உட்காரலாம் என்று பல வருஷமாகக் காத்திருந்தவர் அவர். "குடும்பப்பாங்கான பெண்" என்று உங்கள் படிவத்தில் எழுதியபோது அவர் மனதில் இருந்தது அந்த எட்டு மணிச் சாப்பாடுதான். எனக்கு ரயில் எட்டு மணிக்கு முன்னால். ஆக இரண்டு பேரும் ஒரே நேரத்தை இரண்டு விதமாக நம்பிக்கொண்டிருந்தோம். "பாத்துக்கிடலாம்" என்று எனக்குக் கிடைத்த வாக்கும், "படித்த பெண், ஆனா வீட்டைப் பாத்துக்கிடும்" என்று அவருக்குக் கிடைத்த வாக்கும் ஒரே கல்யாணப் பேச்சிலிருந்து வந்தவை. வேலை போவது அலுவலகத்தில் இல்லை, பெரியவர்களே, அந்தக் காலை ஆறிலிருந்து எட்டு வரை அடுக்களையில் யார் நிற்பது என்ற இடத்தில்தான். அதை யாரும் கேட்கவில்லை. சமையலுக்கு ஓர் அம்மாவை வைத்துக்கொள்ளலாம், அதற்கு என் சம்பளத்தில் ஒரு பங்கு போகட்டும் என்று நிச்சயத்துக்கு முன் பேசியிருந்தால் ஐந்து நிமிஷப் பேச்சு. இப்போது நான் சொன்னால் மருமகள் அடுக்களையைத் தட்டிக்கழிப்பதாக ஆகிறது. கணவரிடம் சொன்னால், "அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்கிறார். அம்மாவோ, "அவன்ட்ட கேளு" என்கிறார்.

அடுத்தது பெயர். இந்த ஊரில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுபவர் கணவர் ஒருவர்தான், அதுவும் அறைக்குள். மற்றவர்களுக்கு நான் "பாளையங்கோட்டைக்காரி", இல்லாவிட்டால் "உரக்கடைத் தம்பி பொண்டாட்டி". பழகிவிட்டது, அதைப் புகாராகச் சொல்லவில்லை. தாளில் உள்ள பெயரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கல்யாணமான இரண்டாம் வாரமே ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய், அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டுவிடலாம் என்று வீட்டில் ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டில் சேர்க்க அது கட்டாயம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உங்கள் மையத்தில் கல்யாணமான தம்பதிகளுக்கு நீங்கள் கொடுக்கும் வாழ்த்துத் தாளோடு, இந்த விவரத்தையும் அச்சடித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

கல்யாணமானால் பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்யாணத்துக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அதற்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும், 90 நாளுக்குள் பதிந்துவிடுவது நல்லது. ஆதாரில் மாற வேண்டியது முகவரி மட்டும்தான். அந்த முகவரியின் தலைப்பிலேயே கணவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், நம் பெயர் அப்படியே இருக்கும். தனி முகவரிச் சான்று இல்லாதவர்கள் குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்தே மாற்றிக்கொள்ள 2023லிருந்து வழி இருக்கிறது. உறவைக் காட்டும் ஒரு சான்று வேண்டும், குடும்பத் தலைவர் 30 நாளுக்குள் அவர் கைப்பேசி வழியாக ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான். ரேஷன் கார்டில் பிறந்த வீட்டில் பெயரை நீக்கிவிட்டுப் புகுந்த வீட்டில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் ஒருவர் இரண்டு கார்டில் இருக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8. இவற்றில் எதற்கும் பெயரைத் தொட வேண்டியதில்லை.

தொட்டால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் பார்த்த வேலையிலிருந்து சொல்கிறேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டே தடவைதான் மாற்ற முடியும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், பான் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அப்பா பெயரோடு இருக்கும்போது ஆதார் மட்டும் கணவர் பெயருக்குப் போனால், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் "பெயர் பொருந்தவில்லை" என்று நிற்கும். எங்கள் அலுவலகத்துக்கு வரும் பெண்களில் இந்த வகைச் சிக்கலோடு வருபவர்கள் சாதாரணம். வேடிக்கை என்னவென்றால், பான் அட்டை விண்ணப்பத்தில் கணவர் பெயர் எழுத இடமே கிடையாது. கல்யாணமான பெண்ணும் தகப்பனார் பெயரைத்தான் எழுத வேண்டும். வருமான வரித் துறையே கேட்காத பெயர் மாற்றத்தை நாம் எதற்கு அவசரமாகச் செய்கிறோம்?

எனக்கு இதில் ஒரு சுயநலமும் இருக்கிறது. வணிகவியல் பட்டம் இருந்தால் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது மற்றவர்கள் சார்பில் தாக்கல் செய்ய அனுமதி பெற்றவராக, சொந்தப் பெயரில் பதிந்துகொள்ளலாம்.  பதிந்துவிட்டால் வீரவநல்லூரிலோ சேரன்மகாதேவியிலோ ஒரு சின்ன அறை போதும். சுற்றிலும் நெல் வியாபாரம், பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஜவுளி என்று கணக்குக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பட்டமும் பானும் ஆதாரும் ஒரே பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் என் பெயராக இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஆதாரில் முகவரி மட்டும் மாறியிருக்கிறது. இந்த ஒன்றில் கணவர் என் பக்கம் நின்றார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிநேகிதிகளைப் பற்றி உங்கள் படிவத்தில் வரி போட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்கள். நாங்கள் நாலு பேர், கல்லூரியிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு எங்கே நின்றாலும் சேர்ந்து நிற்போம். ஒருத்திக்குப் பங்குனியில் தூத்துக்குடியில் கல்யாணம். நான் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. "யாரு முறைக்குப் போறது?" என்று மட்டும் கேட்டார்கள். புகுந்த வீட்டில் விசேஷத்துக்குப் போவது மொய் நோட்டைப் பார்த்துத்தான். அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், நாம் என்ன செய்ய வேண்டும், யார் போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டில் என் சிநேகிதி கிடையாது. இனிமேலும் வரமாட்டாள், ஏனென்றால் அவள் உறவும் இல்லை, ஊரும் இல்லை. ஆண்களின் சிநேகிதர்கள் அந்த நோட்டில் இருக்கிறார்கள், கணவரின் கல்லூரி நண்பர்கள் பெயர் நானே பார்த்திருக்கிறேன். பெண்ணின் சிநேகிதிகள் அவள் அப்பா வீட்டு நோட்டோடு நின்றுவிடுகிறார்கள். போனில் பேசலாமே என்பீர்கள். புறவாசலில் துணி காயப்போடும்போது பேசுகிற பேச்சு, "சாப்டியா, என்ன குழம்பு" என்பதைத் தாண்டாது. பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். என்மேல் வருத்தமில்லை, தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்றுதான்.

இடையில் ஒரு வார்த்தை. என் வீட்டில் நடப்பது கொடுமை இல்லை, மேலே சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் மையம் வழியாகப் போன எல்லாப் பெண்களுக்கும் என் வீடு மாதிரி வாய்த்திருக்கும் என்று சொல்ல முடியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அடியை மட்டும் பேசவில்லை. அதன் விதிகளோடு உள்ள புகார்ப் படிவத்தில், வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, இருக்கிற வேலையை விடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, குறிப்பிட்ட ஆளைச் சந்திக்கவிடாமல் செய்வது எல்லாம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. பஞ்சாயத்துப் பேச உங்களிடம் ஒரு பெண் வந்தால், "அடிக்கலைல்லா, அனுசரிச்சுப் போ" என்று சொல்லி அனுப்பும் முன் அந்தப் படிவத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இனி நான் கேட்பது. படிவத்தில் வேலை என்ற வரியை உடைத்து எழுதுங்கள். எந்த ஊரில் வேலை, வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பலாம், மாதத்திலோ வருஷத்திலோ நெருக்கடி நாட்கள் எவை. செவிலியர் என்றால் இரவுப் பணி உண்டா, ஆசிரியை என்றால் தேர்வு மாதம் எது, என்னைப் போன்றவள் என்றால் 14 முதல் 20. இது பெண்ணின் படிவத்தில். மாப்பிள்ளை படிவத்தில் "பெண் வேலையைத் தொடரலாமா" என்று ஆம், இல்லை கேட்காதீர்கள், எல்லாரும் ஆம் என்றே எழுதுவார்கள். பெண் கிளம்பும் நேரத்தில் வீட்டில் காலைச் சமையல் யார் பொறுப்பு, பஸ் ஸ்டாப்புக்கோ ஸ்டேஷனுக்கோ எப்படிப் போவாள், வண்டி ஓட்ட வீட்டில் சம்மதமா என்று கேளுங்கள். இதற்குப் பொய்யாக ஆம் எழுதுவது கொஞ்சம் கஷ்டம். அதில் மாப்பிள்ளையே கையெழுத்துப் போடட்டும், அவர் அப்பா வேண்டாம். வேலைக்கு அனுப்ப விருப்பமில்லை என்று ஒரு வீடு வெளிப்படையாக எழுதினால் அதையும் மதிக்கலாம். வீட்டோடு இருக்க விரும்பும் பெண்களும் உண்டு, அவர்களுக்கு அந்த வீட்டைக் காட்டுங்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதுதான் கூடாது.

இது கோர்ட்டில் நிற்கும் பத்திரம் இல்லை என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டவர்களும் மாறிப்போகலாம். மாமியாருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகலாம், யாருக்கும் நடப்பதுதான். ஆனாலும் எழுதிய தாள் ஒன்று இருந்தால், "நாங்க எப்பச் சொன்னோம்" என்ற பேச்சு வராது. அப்போது பேச்சு, இனி என்ன செய்யலாம் என்பதிலிருந்து தொடங்கும். இப்போது எங்கள் வீட்டில் அது தொடங்கவே மாட்டேன் என்கிறது.

இன்னொன்று. கல்யாணம் முடிந்ததும் மையத்திலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது, நன்கொடைக்காக. கொடுத்தோம், அதில் வருத்தமில்லை. எனக்கு யாரும் போன் செய்யவில்லை. உங்கள் நிர்வாகிகள் வீட்டுப் பெண்களில் விவரம் தெரிந்த ஒருவர், முதல் ஆடியில் ஒவ்வொரு புதுப்பெண்ணுக்கும் ஒரு போன் போட்டால் போதும். ஆடியில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தலை ஆடிக்குப் பெண் அம்மா வீட்டில் இருப்பாள், பக்கத்தில் யாரும் நின்று கேட்கமாட்டார்கள். "வேலை எப்படிப் போகுது, வண்டி ஓட்டுறியா, சிநேகிதிகளைப் பாக்கிறியா" என்று மூன்று கேள்வி. "நல்லா இருக்கியாம்மா" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு எங்கள் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருக்கிறது. வேலை நின்றுவிட்டது என்று தெரிந்தால், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் போய்ப் பேசலாம். கல்யாணம் பேசி முடித்தவர்கள் சொல்லுக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. அப்பா பேசினால் சம்பந்திச் சண்டை ஆகிவிடும், நான் பேசினால் வாயாடி. நீங்கள் பேசினால் அது யோசனை.

இந்தக் கடிதத்தை அம்மா வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன், ஆடிக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், உங்கள் மையத்திலும் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். ஆவணி பிறப்பதற்குள் புதுப் படிவம் அச்சாகிவிட்டால், அடுத்த முகூர்த்தங்களுக்குப் பதிய வருகிறவர்களுக்கு உதவும். தட்டச்சு செய்து, வரிகளைச் சரிபார்த்து, கட்டம் போட்டு நானே இலவசமாகத் தயார் செய்து தருகிறேன். எந்த நாள் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், 14ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரை மட்டும் வேண்டாம். இரண்டு கடைதான் என்றாலும் அவை என் பொறுப்பு.

இப்படிக்கு,
வீரவநல்லூர் பக்கத்து மருமகள் ஒருத்தி